நாஸில் இருந்தே கேம் விளையாடலாமா?

கேள்வி: என் கணினியின் 500 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பிவிட்டது. வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கணினிகளும் பகிரும் சேமிப்பாக, இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க் போட்ட நாஸ் பெட்டி இருக்கிறது. ஸ்டீம் கேம்களை அதில் வைத்து அங்கிருந்தே விளையாட முடியுமா? ஒரு கேமை நகலெடுத்துப் பார்த்தேன். வேகம் விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. எல்லாம் ஜிகாபிட் கருவிகள்தான். 2.5 ஜிகாபிட்டுக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன் அந்த 11 எம்பியைக் கவனியுங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் செல்லும் இணைப்பை 8 ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட், நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போகக் கையில் மிஞ்சுவது 11 அல்லது 11.5. ஆக, கணினிக்கும் நாஸுக்கும் இடையே ஏதோ ஓர் இணைப்பு ஜிகாபிட்டில் ஓடாமல் 100 மெகாபிட்டில் ஓடுகிறது. ஜிகாபிட்டுக்குக் கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 4 போதும். பிளக்கில் ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டாலும் இரு முனையும் பேசிவைத்தாற்போல் 100க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. வீட்டு இணைய இணைப்பு 100 மெகாபிட்டுக்குள் இருந்தால் இந்தக் குறை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாது.

விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து இதைக் கொடுங்கள்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

ஈதர்நெட் வரியில் 100 Mbps என்று வந்தால் கணினிப் பக்கத்துக் கேபிளை மாற்றுங்கள். 1 Gbps என்று வந்தால் குற்றவாளி மறுபக்கம்: நாஸின் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் அதன் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். இரண்டும் 1 Gbps காட்டினால், நடுவில் பழைய சுவிட்ச் ஒன்று இருக்கிறதா என்று தேட வேண்டும். புதிய கேபிளுக்கு கேட் 5இ தரம் போதும். கேட் 8 என்று விலை சொல்பவரிடம் நிற்க வேண்டாம்.

இது சரியானால் நகலெடுக்கும் வேகம் 110 எம்பியைத் தாண்டும். 60 ஜிபி கேம் ஒன்றரை மணி நேரத்துக்குப் பதில் சுமார் 9 நிமிடத்தில் நகரும். ஜிகாபிட்டின் உச்சம் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் விளையாடும்போது இந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்லும். நகலெடுப்பது ஒரே நீண்ட வாசிப்பு. டிஸ்க்கின் தலை அதிகம் அலைவதில்லை. கேமோ இங்கொரு துண்டு, அங்கொரு துண்டு என்று கேட்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கிறது. வேண்டிய இடம் தலைக்கடியில் வரச் சராசரியாக அரைச் சுற்று, தலை நகர இன்னும் 8 மில்லிவிநாடி என்று வைத்தால், ஒரு துண்டுக்கு 12 மில்லிவிநாடி ஆகிறது. விநாடிக்கு 80 துண்டுகள். ஒவ்வொன்றும் 64 கேபி என்றால் மொத்தம் விநாடிக்கு 5 எம்பிதான். இந்த நிலையில் கேபிள் 1 ஜிகாபிட்டா, 10 ஜிகாபிட்டா என்பது பொருட்டே இல்லை. இரண்டு டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று நகலாக இருந்தாலும், கேம் ஒரு துண்டு வந்த பிறகே அடுத்ததைக் கேட்டால் இரண்டாவது டிஸ்க் பெரிதாக உதவாது.

உங்கள் கேம்களில் எது எந்த வகை என்று கண்டுபிடிப்பது எளிது. நாஸிலிருந்து கேமைத் தொடங்கி, லோடிங் திரை ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஈதர்நெட் வரைபடத்தைப் பாருங்கள். கோடு 900 மெகாபிட்டுக்கு மேல் தட்டையாக நின்றால் நெட்வொர்க்தான் எல்லை. 50, 80 என்று தாழ்ந்து கிடக்க, நாஸின் கண்காணிப்புப் பக்கத்தில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்தைத் தொட்டால் டிஸ்க் தலைதான் அலைந்துகொண்டிருக்கிறது. இரண்டுமே தாழ்ந்திருந்தால் கணினியின் பிராசஸர் தரவை விரித்துக்கொண்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதை எந்த வட்டும் விரைவுபடுத்தாது.

ஸ்டார்டியூ வேலி போன்ற சிறிய கேம்கள், கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டு பிறகு வட்டைத் தொடாத பழைய கேம்கள் ஆகியவை நாஸில் தாராளமாக ஓடும். லோடிங் சற்று நீளும், அவ்வளவே. ஓடும்போதே காட்சிகளை வட்டிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும் திறந்த உலகக் கேம்களை அங்கே வைக்காதீர்கள். ஸ்டார்ஃபீல்ட், சைபர்பங்க் 2077 ஆகியவற்றின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே எஸ்எஸ்டி இருக்கிறது. மெதுவான வட்டில் சாலை மங்கலாக வரும், வண்டி வளைவில் திரும்பும்போது படம் ஒரு கணம் உறையும்.

அடுத்தது, நாஸை எப்படி இணைப்பது. பகிர்ந்த கோப்புறையை Z: என்று பெயரிட்டு இணைப்பது எளிய வழி, கேம்களுக்கு அது ஒத்துவருவதில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் திற, விவரம் கொடு, படி, மூடு என்று நாஸோடு பலமுறை பேச வேண்டியிருப்பதால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள கேம் திணறும். நிர்வாகி உரிமையில் ஓடும் நிரல்களுக்கு அந்த Z: பொதுவாகத் தெரிவதே இல்லை. சில கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு நிரல்களும் நெட்வொர்க் டிரைவை ஏற்பதில்லை.

அதனால், நாஸின் இடத்தைக் கணினிக்கு ஒரு தனி வட்டாகக் காட்டும் ஐஸ்கஸி முறையைப் பயன்படுத்துங்கள். நாஸில், கணினி வந்து இணையும் முனையாக ஒரு டார்கெட்டும், வட்டாகத் தெரியப்போகும் இடமாக 1 டிபி அளவில் ஒரு லன்னும் உருவாக்குங்கள். கணினியில் `iscsicpl` என்று தட்டி, நாஸின் ஐபி முகவரியைக் கொடுத்து Quick Connect அழுத்துங்கள். பிறகு `diskmgmt.msc` திறந்தால் புதிய வட்டு ஒன்று காத்திருக்கும். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் அதை உள்ளே பொருத்திய டிஸ்க்காகவே நடத்தும். ஸ்டீமின் Settings பகுதியில் Storage பக்கத்தில் அதைச் சேர்த்துவிடலாம். அதே லன்னை வீட்டின் இன்னொரு கணினியிலும் ஒரே நேரத்தில் இணைத்துவிடாதீர்கள். மற்றது எழுதுவது தெரியாமல் இரண்டும் எழுதும். கோப்பு அட்டவணையே சிதைந்துவிடும்.

இப்போது விளையாடும் இரண்டு மூன்று கனமான கேம்கள் எஸ்எஸ்டியில், மற்றவை லன்னில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாற்ற நினைத்தால் Storage பக்கத்தில் Move இருக்கிறது. மறுபடி பதிவிறக்குவதைவிட அந்த 9 நிமிடம் பெரும்பாலானவர்களுக்கு லாபம்தான். நாஸில் இருக்கும் கேமுக்கு அப்டேட் வந்தால் மட்டும் பொறுமை வேண்டும். ஸ்டீம் பழைய கோப்பைப் படித்து, மாற்றங்களைச் சேர்த்துப் புதிய கோப்பாக எழுதுகிறது. பதிவிறக்கம் 2 ஜிபியாகவே இருந்தாலும் மாறுவது 40 ஜிபி கோப்பு என்றால், 40 ஜிபி கேபிளில் வந்து 40 ஜிபி திரும்பிப் போகும். அதே டிஸ்க் படிப்பதும் எழுதுவதுமாகத் தவிக்கும். அந்தப் புதிய கோப்புக்கு லன்னில் காலி இடமும் இருக்க வேண்டும்.

2.5 ஜிகாபிட்டுக்கு வருவோம். கணினி, சுவிட்ச், நாஸ் மூன்றும் அந்த வேகத்தில் பேசினால்தான் பயன். அப்போது உச்சம் விநாடிக்கு 280 எம்பி அளவில் இருக்கும். உங்கள் ஹார்ட் டிஸ்க்கோ நீண்ட வாசிப்பிலேயே 200 எம்பியை ஒட்டித்தான் நிற்கும். நகலெடுப்பது ஓரளவு விரையும், விளையாட்டின் திக்கல் அப்படியே இருக்கும். நாஸின் இரண்டு போர்ட்டுகளைச் சேர்த்துக்கட்டுவதும் வீண். கணினியில் ஒரே ஜிகாபிட் போர்ட் இருக்கும்வரை உங்கள் பங்கு ஒரு ஜிகாபிட்தான். அந்தப் பணத்துக்குக் கணினிக்குள்ளேயே இன்னொரு எஸ்எஸ்டி பொருத்துவது எவ்வளவோ மேல்.

கடைசியாக, நாஸின் அமைப்பில் டிஸ்க்கை உறங்கவைக்கும் நேரத்தைப் பாருங்கள். 10 நிமிடம் என்றிருந்தால் ஆட்டத்தின் நடுவே டிஸ்க் நின்றுபோகும். அடுத்த கட்டம் ஏறும்போது அது மீண்டும் சுழன்று வேகமெடுக்கும்வரை கேம் பல விநாடிகள் உறைந்து நிற்கும். அதை ஒரு மணி நேரத்துக்காவது நீட்டிவிடுங்கள்.