ஓப்பன் ஃபைலுக்குத் தனிக் கட்டணம் கேட்கலாமா?

"12 பக்க விலைப்பட்டியல் ஒன்றை இன்டிசைனில் வடிவமைத்து, அச்சுக்கான பிடிஎஃப் கொடுத்து, முழுப் பணமும் வாங்கிவிட்டேன். இப்போது 'ஓப்பன் ஃபைலையும் அனுப்புங்க, அதான் பணம் கொடுத்தாச்சே' என்கிறார் வாடிக்கையாளர். சும்மா கொடுப்பதா? பணம் கேட்டால் எவ்வளவு கேட்பது?"

முதலில் நீங்கள் அனுப்பிய கொட்டேஷனை எடுத்துப் பாருங்கள். அதில் 'அச்சுக்கான பிடிஎஃப்' என்று மட்டும் இருந்தால் தனிக் கட்டணம் கேட்பதில் தவறில்லை. 'வடிவமைப்புக் கோப்புகள் அனைத்தும்' என்பதுபோல் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் வாக்குவாதம் வேண்டாம், கொடுத்துவிடுங்கள். லோகோ வேலை என்றால் என் பதில் வேறு. லோகோவின் வெக்டர் கோப்புதான் அங்கே முடிந்த பொருளே. அதற்குத் தனி விலை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

விலைப்பட்டியலின் கதை அப்படியல்ல. விலை மாறும்போதெல்லாம் அவர் உங்களிடம் திரும்பி வருவார். கோப்பு கைமாறினால் அந்த வேலையும் கைமாறும். விலையை அங்கிருந்துதான் கணக்கிட வேண்டும்.

மூல வேலைக்கு வாங்கியதை 100 என்று வைத்துக்கொள்வோம். ஒரு திருத்தப் பதிப்புக்கு 12 வாங்குவீர்கள், ஆண்டுக்கு 2 பதிப்பு என்றால், 2 ஆண்டில் 48. எல்லாமே உங்களுக்கு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பாதி, அதாவது 24, நியாயமான கணிப்பு. கோப்பைச் சுத்தம் செய்யும் நேரத்துக்கு 6 சேர்த்தால் 30. மறுபதிப்பே வராத ஒரு நிகழ்ச்சி அழைப்பிதழுக்கு இதே கணக்கைப் போட்டால் சுத்தம் செய்யும் கூலி மட்டும்தான் மிஞ்சும். எல்லா வேலைக்கும் ஒரே சதவீதம் சொல்வது சரிவராது என்பது இதனால்தான்.

சுத்தம் செய்வதைக் குறைவாக எடை போடாதீர்கள். INDD கோப்பை மட்டும் அனுப்பினால், அவர் திறந்ததும் படங்கள் காணவில்லை, எழுத்துரு இல்லை என்றுதான் திரையில் வரும். File > Package கொடுத்தால் படங்களும் எழுத்துருக்களும் ஒரே ஃபோல்டரில் சேரும். பழைய பதிப்பு வைத்திருப்பவருக்காக IDML கோப்பையும் அதிலேயே சேர்க்கலாம். ஆனால் அடோபி ஃபான்ட்ஸில் இருந்து எடுத்த எழுத்துரு அதில் சேராது. காசு கொடுத்து வாங்கிய மற்ற எழுத்துருக்களையும் ஸ்டாக் படங்களையும் அடுத்தவருக்குக் கொடுக்க உங்கள் உரிமத்தில் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவற்றை எடுத்துவிட்டு, எதை எங்கே வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வையுங்கள்.

பணம் வந்த பிறகு கோப்பை அனுப்புங்கள். கூடவே ஒரு வரி: அவர் தன் நிறுவனத்துக்காகத் திருத்திப் பயன்படுத்தலாம், வேறு நிறுவனத்துக்கு விற்கவோ கொடுக்கவோ கூடாது, அவர் திருத்திய பிறகு வரும் அச்சுப் பிழைக்கு நீங்கள் பொறுப்பல்ல. கோப்பைக் கொடுப்பதால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. அதையும் கேட்டால் தனியாக விலை பேசி, தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்த கொட்டேஷனில் பிடிஎஃப் மட்டும் ஒரு விலை, ஓப்பன் ஃபைலோடு ஒரு விலை என்று இரண்டையும் போட்டுவிடுங்கள். தொடக்கத்திலேயே கேட்டால் கோப்பை முதலிலிருந்தே ஒழுங்காகக் கட்டிவிடலாம் என்பதால் அந்த 6-ஐத் தள்ளுபடியாகக் கொடுக்கலாம்.