23 ரூபாய்க்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: என் கணவர் துபாயில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். மாதம் 1,500 திர்ஹம் அனுப்புகிறார். சம்பளம் வந்த பிறகும் செல்போனில் ரூபாய் மதிப்பு சார்ட்டைப் பார்த்துக்கொண்டு, 'இன்னும் ஏறும்' என்று பத்துப் பன்னிரண்டு நாள் தள்ளிப்போடுகிறார். வந்த பணத்தில் 20,000 ரூபாயை இரண்டு வட்டிக் கடனில் கழிக்கிறோம். 5ஆம் தேதி தாண்டினால் அந்த 20,000க்கும் ஒரு மாத வட்டி சேர்ந்துவிடுகிறது. அவர் செய்வது சரியா?
— ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கணக்கிலேயே விடை இருக்கிறது. நாள் தவறினால் 20,000 ரூபாய்க்கு இரண்டு வட்டி வீதம் 400 ரூபாய் போகிறது. 1,500 திர்ஹத்தில் அந்த 400ஐ மீட்க வேண்டுமானால், திர்ஹத்தின் விலை ஏறக்குறைய 27 காசு ஏற வேண்டும். பத்து நாளில் அப்படி ஏறுவதும் உண்டு, அதே அளவு இறங்குவதும் உண்டு. ஆனால் 400 ரூபாய் வட்டி மட்டும் நிச்சயம்.

சார்ட்டில் அது மலைபோலத் தெரிவதற்குக் காரணம், ஓரத்தில் உள்ள எண்கள். ஒரு வாரச் சார்ட்டின் அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, 22.95இல் தொடங்கி 23.05இல் முடிந்தால், பத்துக் காசு ஏற்றமே திரை முழுவதையும் நிரப்பிவிடும். அந்தப் பத்துக் காசு உங்களுக்கு 150 ரூபாய்தான். இன்னொன்று: 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று அந்நாட்டு அரசு நிலைநிறுத்தி வைத்திருப்பதால், அவர் பார்ப்பது உண்மையில் டாலருக்கு எதிரான ரூபாயின் சார்ட். அதை அசைக்கும் வங்கிகள் பல, உங்கள் வீட்டிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் வரும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கின்றன. அங்கே நாள் முழுவதும் அதே வேலையாக இருப்பவர்களுக்கே நாளைய விலை தெரியாது.

எனக்குத் தெரிந்த ஒரு வெல்டரின் கதையைச் சொல்கிறேன். ஷார்ஜாவில் வேலை, குடும்பம் சயானில். 2013இல் அவர் எக்ஸ்சேஞ்ச் ஹவுஸ் பலகையில் போட்டிருக்கும் விலையைத் தினமும் ஒரு நோட்டில் புள்ளி வைத்து, கோடு இழுத்து, தாமே சார்ட் வரைந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 28ஆம் தேதி டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. அவருக்குத் திர்ஹத்துக்கு 18.40 கிடைத்திருக்கும். கையில் மூன்று மாதச் சேமிப்பாக 4,500 திர்ஹம் இருந்தது. அவரோ 19 வரட்டும் என்று இருந்துவிட்டார். எண்ணெய் நிறுவனங்களுக்கான டாலரை ரிசர்வ் வங்கி நேரடியாகக் கொடுக்க ஏற்பாடு செய்தது, வெளிநாட்டு இந்தியர்களின் டெபாசிட்டை ஈர்க்கும் திட்டமும் வந்தது; அக்டோபரில் டாலர் 62 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 16.80க்கு அனுப்பினார். நஷ்டம் 7,200 ரூபாய். கோட்டை அவர் பிழையில்லாமல்தான் வரைந்திருந்தார். ஆனால் அது நேற்று வரைக்குமான கோடு.

உங்கள் கணவரின் கவனம் வீணாக வேண்டாம். அதை வேறு இடத்தில் திருப்பச் சொல்லுங்கள். சார்ட்டில் வரும் விலை, வங்கிகள் தங்களுக்குள் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுப்பட்டது. அந்த விலையில் அவருக்கு யாரும் மாற்றிக் கொடுக்கப் போவதில்லை. சார்ட் 23 என்று காட்டும் நேரத்தில் ஓர் இடத்தில் 22.85 தருகிறார்கள், கட்டணம் வரியோடு 21 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். 1,500இல் அது போக மிச்சம் 1,479 திர்ஹம். வீட்டுக்கு வருவது 33,795 ரூபாய். இன்னோர் இடத்தில் விலை 22.70தான், ஆனால் கட்டணம் இல்லை. அங்கே 34,050 வருகிறது. குறைந்த விலை சொன்னவரிடம் 255 ரூபாய் கூடுதல். ஆகவே, "1,500 திர்ஹத்தை முழுசாகக் கொடுத்தால் மும்பைக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?" என்ற ஒரே கேள்வியை, சம்பள நாளில் இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் கேட்டுப் பார்த்தால் போதும். சந்தை மூடியிருக்கும் சனி, ஞாயிறில் சார்ட் அசையாது. அப்போது சிலர் தங்கள் பாதுகாப்புக்காக விலையைச் சற்றுக் குறைத்தே சொல்வார்கள் என்பதால், வார நாளில் கேட்பது நல்லது. இரண்டாகப் பிரித்து அனுப்ப வேண்டாம். கட்டணம் இரண்டு முறை விழும்.

கடனுக்கும் வீட்டுச் செலவுக்கும் போகும் இந்தப் பணத்தில், காத்திருக்க வைக்கக்கூடிய ரூபாய் ஒன்றுமில்லை. போனஸ் போல உடனடித் தேவையில்லாத தொகை வந்தால் அவர் சார்ட் பார்க்கட்டும். ஆனால் எந்த விலை வந்தால் அனுப்புவது, வராவிட்டால் எந்தத் தேதியில் அனுப்பிவிடுவது என்ற இரண்டையும் முதல் நாளே உங்களிடம் சொல்லிவிட்டுப் பார்க்கட்டும். அதுவும் இந்த இரண்டு வட்டிக் கடன் அடைந்த பிறகு.