குழந்தை தூங்கும்போது அவள் தூங்குகிறாளா?

அன்புள்ள அக்கா,
குடியாத்தம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். பிள்ளை பெற்றவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். 'பேறுகால மனச்சோர்வு' என்று தலைப்பு வைத்தால் பயந்துவிடுவார்களா? வேறு சொல் உண்டா? அட்டையில் சிரிக்கும் தாயின் படம் வைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கைக்கு,

தலைப்பு எதுவானாலும் சரி. அந்தச் சிரிக்கும் படத்தை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். சிரிப்பு வராதவள் அதைப் பார்த்து என்ன நினைப்பாள்?

என் அக்கா பேரணாம்பட்டில் பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காரணமில்லாமல் அழுதாள். "பால் இறங்குகிற நேரம், அழுவாள்" என்றார் பாட்டி. சரியாகத்தான் சொன்னார். அந்த அழுகை மூன்று, நான்கு நாளில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் தானாக ஓய்ந்துவிடும். நடுவில் அவள் சிரிப்பாள், சாப்பிடுவாள். தூக்கமும் ஆதரவும் போதும்.

ஐந்தாம் வாரம் மறுபடி தொடங்கியது. நாங்கள் பாட்டி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளை அயர்ந்து தூங்கும், அக்கா விழித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "இவன் வேறு யாருக்காவது பிறந்திருக்கலாம்" என்றாள் ஒரு நாள். மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவர் கேட்டதற்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார். சத்து டானிக்கோடு திரும்பினோம். இரண்டு மாதம் கழித்து ஒரு செவிலியர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகக் கேட்டார்: "பிள்ளை தூங்கும்போது உனக்குத் தூக்கம் வருகிறதா?" அக்கா உடைந்து அழுதாள்.

இந்தக் கேள்விதான் உங்கள் துண்டறிக்கை. பச்சைப் பிள்ளைக்காரிக்குக் களைப்பு இயல்பு. ஆனால் தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் ஆசையில்லை, 'நான் நல்ல தாயில்லை' என்ற எண்ணம் விடவில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் அது நோய். முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பாலூட்டும்போதும் கொடுக்கத்தக்க மாத்திரைகள் இருக்கின்றன. பால் கெட்டுவிடும் என்று சொல்லி மருந்தை நிறுத்துகிற வீட்டாரை நீங்கள் அதட்டத்தான் வேண்டும். மாத்திரை வேலை செய்யச் சில வாரமாகும், அதையும் எழுதுங்கள்.

கேட்கும்போது வீட்டார் அருகில் இருக்கக் கூடாது. இதை மறந்தால் எல்லாம் வீண். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வருகிறது என்றால் அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். திடீரென்று இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுகிறாள் என்றால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது, 108.

மற்றவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கின்றன. மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

படம் இருந்த இடத்தில் இரண்டு கோடு போடுங்கள். ஒன்றில் பிரசவத் தேதி, மற்றதில் அதற்கு 14 நாள் கழித்து வரும் தேதி. இரண்டையும் உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.