எதைக் கேட்காமல் செய்யலாம், எதைக் கேட்க வேண்டும்

"கோத்தகிரியில் கணினி பழுது பார்க்கிறேன். தேயிலை ஃபேக்டரி கணக்கர், ‘சும்மா கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, விண்டோஸை புதுசா போட்டுக் கொடுங்க’ என்கிறார். அப்படியே ஃபார்மட் பண்ணிடலாமா?"

வேண்டாம் நண்பரே. டிரைவர், பிரவுசர் எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். ஃபார்மட் மட்டும் அப்படியில்லை. எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் வேலை செய்து, அழிந்த ஃபைலை மீட்பதே அரிது.

டேலி கணக்கு பெரும்பாலும் `C:\Users\Public\TallyPrime\data` ஃபோல்டரில், அதே சி டிரைவில்தான் இருக்கும். டேலிக்குள் போய் கம்பெனியின் டேட்டா பாத்தையும் ஒருமுறை பாருங்கள், சிலர் வேறு இடத்தில் வைத்திருப்பார்கள். `C:\Users` முழுவதையும், டேட்டா வேறு இடத்தில் இருந்தால் அந்த ஃபோல்டரையும், அவருடைய வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். பிறகு அந்த நகலையே டேலியில் திறந்து கடைசி வவுச்சர் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பி ஆனதாலேயே திறக்கும் என்று நம்பக்கூடாது.

அப்புறம் ஒரே கேள்வி: "கடைசி வவுச்சர் இந்தத் தேதி, சரிதானே சார்? சரின்னா ஃபார்மட் பண்றேன்." அதற்கு அவர் பதில் வரும்வரை தொடாதீர்கள்.