அடுப்பு ஊரில் இருக்கட்டும்

"கோவில்பட்டியில் அப்பா காலத்திலிருந்து கடலைமிட்டாய் செய்து விற்கிறோம். கோவையிலும் சென்னையிலும் கடை திறக்க ஆசை. அங்கேயே அடுப்பு வைத்தால் வண்டிச் செலவு மிஞ்சும் என்கிறான் மகன். ஊர் ருசி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது."

அடுப்பை நகர்த்தாதீர்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் குறிப்பிட்ட எல்லைக்குள் செய்த மிட்டாய்க்கு மட்டுமே உரியது. சென்னையில், அதே மாஸ்டரை வைத்து அதே கடலையில் செய்தாலும், அட்டையில் 'கோவில்பட்டி' என்று போட முடியாது. ஊர்ப் பெயரை இழந்தபின் மிஞ்சுவது வெறும் கடலைமிட்டாய். அது அங்கே எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. ஊரில் செய்கிற நீங்களும், கிண்டியில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை என்றால் முதல் வேலை அதுதான்.

வண்டிச் செலவு அத்தனை பெரிதல்ல. பார்சலுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ பாக்கெட்டுக்கு இரண்டரை ரூபாய்தான்.

உண்மையான எதிரி ஈரக்காற்று. வெல்லப்பாகு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கோவில்பட்டியின் வறண்ட காற்றில், சில நாளில் விற்றுத் தீரும் மிட்டாய்க்கு இந்தச் சோதனையே வருவதில்லை. சென்னையில் மழைக்காலத்தில் மூன்று வாரம் அலமாரியில் கிடந்தால் நமத்துவிடும். வாங்கியவர் காற்றைக் குறை சொல்லமாட்டார், "பழைய ருசி இல்லை" என்பார்.

ஆகவே கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஐப்பசி மாதம் ஒரே பாகில் செய்த மிட்டாயை, இப்போது நீங்கள் பயன்படுத்தும் சாதாரண உறையில் பாதியும், உள்ளே வெள்ளிப்பூச்சு உள்ள உறையில் பாதியும் அடைத்து, சென்னையில் உறவினர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒன்றைப் பிரிக்கட்டும். உடைத்தால் 'மடக்' என்ற சத்தம் வருகிறதா, வில்லை உறையில் ஒட்டுகிறதா, கடலையில் காறல் வாடை அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் போவது சத்தம்தான். ஒட்டுவதும் ஈரத்தால் வருவது. நல்ல உறை இரண்டையும் தள்ளிப்போடும். காறல் கடலையின் எண்ணெய் கெடுவதால் வருகிறது. பழைய கடலையாக இருந்தால் எந்த உறையும் காப்பாற்றாது.

சத்தம் ஐந்தாம் வாரம் போனால், மூன்று வாரத்துக்கு மேற்பட்ட சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். மாதம் ஒரு லாரி அனுப்புவதை விட, வாரம் இருமுறை சிறு பெட்டிகளாக இரவு வண்டியில் ஏற்றுவது நல்லது. தேதியைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். "திங்கள் இரவு கோவில்பட்டியில் ஏற்றியது" என்று கடை வாசலில் எழுதிவைத்தால், எந்த அலங்காரத்தை விடவும் அது ஊரைக் கொண்டுவரும். உடைந்த துண்டுகளைத் தட்டில் வைத்து ருசி பார்க்கக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

முதல் கடையைக் கோவையில் திறக்கச் சொல்வேன். சென்னையை விடக் கிட்டத்தட்டப் பாதித் தூரம், கடற்காற்றும் இல்லை. ஒரு மழைக்காலம் அங்கே கழித்த பிறகு சென்னைக்கு இடம் பாருங்கள்.