டிஎல்பி முடிஞ்சாச்சு, ரிட்டென்ஷனுக்கு இன்வாய்ஸ் எப்படி போடறது? (கேள்வி பதில்)

காண்ட்ராக்டர் பக்கம் பில்லிங்லயே ரொம்ப வருஷமா இருக்கேன், கேளுங்க. வேலை முடிஞ்சப்புறம் குறை வந்தா நாம சரி பண்ணித் தர வேண்டிய காலம்தான் டிஎல்பி, அதுக்காக பார்ட்டி பில்லுல புடிச்சு வைக்கற பணம்தான் ரிட்டென்ஷன். ஜிஎஸ்டி விஷயத்துல கடைசி முடிவு மட்டும் உங்க ஆடிட்டர்கிட்ட பேசிட்டு எடுங்க.

திருப்பூர் சிவில் காண்ட்ராக்டர்: அண்ணே, ஒரு கார்மெண்ட் யூனிட்டுக்கு 40 லட்சத்துக்கு ஷெட் வேலை முடிச்சோம், 5% புடிச்சாங்க, டிஎல்பி ஒரு வருஷம் முடிஞ்சுது. இப்போ 2 லட்சத்துக்கு 18% போட்டு இன்வாய்ஸ் அனுப்பலாமா?

அவசரப்படாதீங்க தம்பி. மொதல்ல வேலை நடக்க நடக்க போட்ட பழைய ஆர்ஏ பில் எல்லாத்தையும் எடுத்து மேசைல போடுங்க. பில்லுல வேலை மதிப்பு முழுசா 40 லட்சம் காட்டி, அதுக்கு 7,20,000 ஜிஎஸ்டி போட்டு, அதுக்கப்புறம் கீழே "கழிவு: ரிட்டென்ஷன்"னு 2 லட்சம் கழிச்சிருந்தா, அந்த ரெண்டு லட்சத்துக்கு வரி அப்பவே கட்டியாச்சு. இப்போ டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டீங்கன்னா அதே காசுக்கு ரெண்டாவது தடவை 36,000 கட்டுவீங்க, ஜிஎஸ்டிஆர்-1ல போயிட்டா அப்புறம் அதை சரி பண்றது தனி தலைவலி. உங்களுக்கு வேண்டியது இன்வாய்ஸே இல்ல, ஒரு கிளெய்ம் லெட்டர். லெட்டர்ஹெட்ல ஒர்க் ஆர்டர் நம்பர், ஒவ்வொரு ஆர்ஏ பில் நம்பர் தேதி, அதுல புடிச்ச தொகை, மொத்தம் 2,00,000, "இதற்கான ஜிஎஸ்டி மேற்படி பில்களில் ஏற்கனவே செலுத்தப்பட்டது"னு ஒரு வரி, அவ்ளோதான். கூட கம்ப்ளீஷன் சர்டிபிகேட் காப்பி, டிஎல்பி முடிஞ்சதுக்கு சைட் என்ஜினியர் கையெழுத்து, அவங்க லெட்ஜர்ல ரிட்டென்ஷன் பாக்கி எவ்ளோ நிக்குதுன்னு வாங்கின ஸ்டேட்மெண்ட்.

மாறா ஆர்ஏ பில்லயே 38 லட்சம்தான் காட்டி அதுக்கு மட்டும் 6,84,000 வரி போட்டிருந்தா, பாக்கி 2 லட்சம் இன்னும் வரிக்கே வரல. அப்போ நீங்க கேக்கறது சரி, 2,00,000 + 36,000 = 2,36,000க்கு டாக்ஸ் இன்வாய்ஸ் போடணும்.

இன்னொன்னும் பாத்துக்கங்க. சில கம்பெனி ஜிஎஸ்டி சேத்த மொத்தத்துல 5% புடிப்பாங்க. 40 லட்சத்துக்கு வரி சேத்து 47,20,000, அதுல 5% 2,36,000. அப்போ கிளெய்ம் லெட்டர்லயும் 2,36,000தான் வரும், ஆனா அது வரியோட சேந்த பழைய காசு, புது இன்வாய்ஸ் இல்ல. ரெண்டு கேஸ்லயும் தொகை ஒண்ணா இருக்கறதாலதான் நெறைய பேர் குழம்பறாங்க. பேமெண்ட் அட்வைஸ பாத்தா எதுல புடிச்சாங்கன்னு தெரிஞ்சிடும்.

இடையில ஒருத்தர்: சார் ரொம்ப சுத்தி வளைக்கறீங்க, ஜிஎஸ்டி காசு கைக்கு வந்தப்புறம் போட்டா போதும், நாங்க எப்பவும் அப்படித்தான்.

பாதி சரி. ரிட்டென்ஷன் எப்போ தரணும்னு காண்ட்ராக்ட்லேருந்து கண்டுபிடிக்கவே முடியலன்னாதான் காசு வர்ற நாள் கணக்கு. "டிஎல்பி முடிந்த 30 நாளில்"னு எழுதியிருந்தா அந்த கடைசி நாளுக்குள்ள இன்வாய்ஸ் போட்டாகணும், பார்ட்டி ஆறு மாசம் இழுத்தாலும் வரி உங்க தலைலதான். "என்ஜினியர் டிஃபெக்ட் கிளியரன்ஸ் குடுத்த பிறகு"ன்னு இருந்தா அந்த சர்டிபிகேட் தேதிதான் கணக்கு. அதனால காண்ட்ராக்ட்ல அந்த ஒரு க்ளாஸ படிக்காம தேதி போடாதீங்க. உங்களுக்கு இதுவரைக்கும் நோட்டீஸ் வரலைங்கறதால அது சரின்னு ஆயிடாது.

அக்கவுண்ட்ஸ்ல இருக்கற ஒருத்தங்க: சார், கவர்மெண்ட் வேலை, 2021ல 12%ல பில் பண்ணது, டிஎல்பி இப்பதான் முடியுது. 12ஆ 18ஆ?

2022 ஜூலை 18லேருந்து அந்த மாதிரி வேலை நெறைய 18%க்கு போயிடுச்சும்மா. ரிட்டென்ஷனையும் சேத்து அப்பவே இன்வாய்ஸ் போட்டிருந்தா 12%லயே முடிஞ்சுது, இப்போ லெட்டர் மட்டும்தான். அப்போ விட்டு வச்சிருந்தா சிக்கல், ஏன்னா வேலை முன்னாடி முடிஞ்சிருந்தாலும் இன்வாய்ஸும் காசும் ரெண்டுமே ரேட் மாறினதுக்கு அப்புறம்னா புது ரேட்தான். அந்த 6% வித்தியாசத்த டிபார்ட்மெண்ட் தருமாங்கறது அக்ரிமெண்ட்ல வரி மாற்றத்துக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கணும். சில ஆபீஸ்ல தராங்க, சில ஆபீஸ்ல ஃபைல் அப்படியே கெடக்குது.

வாங்கற கம்பெனில வேலை பாக்கறவர்: முழு பில்லுக்கும் ஐடிசி, அதாவது பில்லுல இருந்த ஜிஎஸ்டிய எங்க வரில கழிச்சுக்கற கிரெடிட், எடுத்துட்டோம், ரிட்டென்ஷன் 180 நாள் தாண்டிடுச்சு, ரிவர்ஸ் பண்ண சொல்றாங்க. உண்மையா?

சட்டத்துல 180 நாளுக்குள்ள சப்ளையருக்கு காசு குடுக்கலன்னா குடுக்காத பங்குக்கு ஐடிசிய திருப்பணும், வட்டியும் உண்டு, அப்புறம் குடுத்தப்போ திரும்ப எடுத்துக்கலாம். ஆனா காண்ட்ராக்ட் படி இன்னும் டியூவே ஆகாத ரிட்டென்ஷனுக்கும் இது பொருந்துமாங்கறதுல ஆடிட்டர்களே ரெண்டா பிரிஞ்சு நிக்கறாங்க. பயந்தவங்க ரிவர்ஸ் பண்ணி வச்சுட்டு ரிலீஸ் அப்போ எடுத்துக்கறாங்க. நீங்க அப்படி பண்ணியிருந்தா ரிலீஸ் மாசத்துல திரும்ப எடுக்க மறக்காதீங்க.

கோயம்புத்தூர் எலக்ட்ரிகல்: எங்களுக்கும் இதே பிரச்சனைதான் சார், நாங்க பேங்க் கேரண்டி குடுத்திருக்கோம், அதுக்கு என்ன இன்வாய்ஸ் போடணும்?

உங்களுது வேற கதை. கேரண்டி குடுத்து ரிட்டென்ஷன முன்னாடியே வாங்கிட்டீங்கன்னா வர வேண்டிய காசே இல்ல. கேரண்டி ஒரிஜினலையும், விடுவிக்கறோம்னு ஒரு லெட்டரையும் கேட்டு வாங்கி பேங்க்ல குடுங்க, இல்லன்னா மார்ஜின் பணம் பேங்க்லயே கெடக்கும்.

திருப்பூர் காரரே மறுபடி: அண்ணே, 2 லட்சத்துல 35,000 லீக்கேஜ் ரிப்பேருக்குன்னு கழிச்சுட்டு 1,65,000தான் தருவாங்களாம். ஜிஎஸ்டில அந்த 35,000த்த கொறைக்கலாமா? அப்புறம் டிடிஎஸ் மறுபடி புடிக்கறாங்க.

ஜிஎஸ்டி கொறைக்கற மாதிரி கிரெடிட் நோட் போடறதுக்கு, பில் போட்ட நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30தான் கடைசி. ஒரு வருஷ டிஎல்பின்னா பழைய பில்லுக்கு அந்த நாள் போயிருக்கறதுக்கு வாய்ப்பு அதிகம். போயிருந்தா வரி இல்லாத கிரெடிட் நோட்தான், 35,000த்துக்கு கட்டின வரி போனது போனதுதான். ஆனா அதுக்கு முன்னாடி, டிஎல்பிக்குள்ள அவங்க எழுத்துல கம்ப்ளெயிண்ட் குடுத்தாங்களா, உங்கள கூப்பிட்டு சரி பண்ண சான்ஸ் தந்தாங்களா, 35,000த்துக்கு பில் இருக்கான்னு கேளுங்க. வாய் வார்த்தைல கழிச்சா ஒத்துக்காதீங்க.

டிடிஎஸ்ஸுக்கு, உங்க பேர்ல எவ்ளோ புடிச்சு கட்டியிருக்காங்கன்னு காட்டற வருமான வரி ஸ்டேட்மெண்ட் 26ஏஎஸ் எடுங்க. முழு 40 லட்சமும் அப்பவே அங்க வந்திருந்தா இப்போ மறுபடி புடிக்கக் கூடாது, பிரிண்ட் எடுத்து லெட்டரோட வச்சு அனுப்புங்க, பெரும்பாலும் அங்கயே முடிஞ்சிடும். 38 லட்சம்தான் வந்திருந்தா இப்போ புடிக்கறது நியாயம்.

ஒரு அபார்ட்மெண்ட் செக்ரட்டரி: நாங்க அந்தப் பக்கம் சார். பெயிண்டிங்காரர் பணம் எங்ககிட்ட இருக்கு, டிஎல்பி முடிஞ்சு ரெண்டு மாசத்துல சுவர் ஈரம் வந்துச்சு. நிறுத்தி வைக்கலாமா?

டிஎல்பிக்குள்ள மெயில்லயாவது சொன்னீங்களா? சொல்லியிருந்தா அந்த ரிப்பேர் செலவு வரைக்கும் பேசலாம். முடிஞ்சப்புறம் வந்ததுன்னா வாரண்டி தனியா இருக்கான்னு பாருங்க, ரிட்டென்ஷன அதுக்காக புடிச்சு வைக்க உங்களுக்கு வழி கொஞ்சம்தான்.

இன்னொருத்தர்: மூணு வருஷமா லெட்டர் போட்டுட்டே இருக்கேன், பதிலே இல்ல.

காசு டியூ ஆன நாள்லேருந்து மூணு வருஷம்தான் கேஸ் போட டைம். நீங்க எத்தன லெட்டர் போட்டாலும் அது நீளாது, அந்த மூணு வருஷத்துக்குள்ள அவங்க கையெழுத்து போட்டு "இவ்ளோ பாக்கி இருக்கு"ன்னு ஒத்துக்கிட்டா புதுசா மூணு வருஷம் கெடைக்கும். பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் எதாவது அவங்க ஆடிட்டுக்காக கையெழுத்து போட்டு அனுப்பியிருக்காங்களான்னு தேடுங்க. இருந்தா அத எடுத்துட்டு இந்த வாரமே வக்கீல பாருங்க, இல்லன்னாலும் பாருங்க.