ஜிஎஸ்டி நம்பரும் தொகையும் தப்பான இன்வாய்ஸை எப்படித் திருத்தி வாங்குவது?

“சப்ளையர் கொடுத்த டாக்ஸ் இன்வாய்ஸில் ஜிஎஸ்டி நம்பர் தப்பு மாதிரி தெரியுது, தொகையும் ஒத்துவரல. அவங்ககிட்ட என்ன கேட்டு வாங்கணும்?”

நம்பர் உண்மையிலேயே தப்பா என்று முதலில் பாருங்கள். சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸின் தளத்தில் GST Registered Business Search என்ற தேடல் இருக்கிறது. பெரும்பாலும் நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்தான் ஜிஎஸ்டி நம்பர். ஆனால் M என்று தொடங்கும் தனி நம்பர் உள்ளவர்களும் உண்டு. அதனால் யுஇஎன்னோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவே சண்டைக்குப் போகாதீர்கள். நம்பரைப் போட்டு ஒன்றும் வரவில்லையா? கடைப் பலகையில் உள்ள பெயரை விட்டுவிட்டு, நிறுவனத்தின் பதிவுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அங்கே வேறு நம்பர் வந்தால் அநேகமாக டைப்பிங் பிழைதான். பெயரே இல்லையென்றால் அவர் பதிவு செய்யாதவராக இருக்கலாம். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. அப்போது கேட்க வேண்டியது புது இன்வாய்ஸ் இல்லை, வரி என்று கொடுத்த பணத்தை.

தொகையில் தப்பு வருவது பல சமயம் தள்ளுபடியில்தான். சரக்கு 2,400 வெள்ளி, தள்ளுபடி 200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 9% வரி 2,200க்குத்தான் வரும்: 198 வெள்ளி, மொத்தம் 2,398. சப்ளையர் 2,400க்கே வரி போட்டால் 216 ஆகி, பில் 2,416க்கு வந்து நிற்கும். அந்த 216ஐ நீங்கள் இன்புட் டாக்ஸாக, அதாவது திரும்பப் பெறும் வரியாக எடுத்தால், அதிகமாக எடுத்த 18 வெள்ளிக்கு நாளை நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம்பர் மட்டும் தப்பென்றால் பழையதை ரத்து செய்து புது இன்வாய்ஸ் கேட்டால் போதும், பணத்தில் மாற்றமில்லை. தொகை தப்பென்றால், முழு 2,416க்கும் கிரெடிட் நோட், பிறகு 2,398க்குப் புது இன்வாய்ஸ் என்று கேட்பதே சுத்தமான வழி. 18 வெள்ளிக்கு மட்டும் கிரெடிட் நோட் வாங்கினாலும் கணக்கு நேராகும். ஆனால் நம்பரும் தப்பாக இருக்கும் உங்கள் விஷயத்தில் தப்பான இன்வாய்ஸ் அப்படியே கோப்பில் தங்கிவிடும். பேனாவால் அடித்துத் திருத்தி முத்திரை குத்தித் தருகிறேன் என்பார்கள், வாங்காதீர்கள்.

கேட்பதை ஈமெயிலில் கேளுங்கள், போனில் சொன்னால் எந்த பில் என்றே மறந்துவிடுவார்கள். பழைய இன்வாய்ஸ் நம்பர், தேதி, “இருப்பது இது, வர வேண்டியது இது” என்று இரண்டே வரி போதும். கிரெடிட் நோட்டில் பழைய இன்வாய்ஸ் நம்பரும், புது இன்வாய்ஸில் “இது இன்ன நம்பருக்குப் பதில்” என்ற வரியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் கணக்கில் இரண்டு இன்வாய்ஸும் ஏறி, 216, 198 இரண்டையும் எடுத்துவிடுவீர்கள்.

எஃப்5 என்ற ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய தேதிக்குள் சரியான இன்வாய்ஸ் வந்து சேரவில்லையென்றால் இந்த ஒரு பில்லை மட்டும் விட்டுவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். சரியான இன்வாய்ஸ் கைக்கு வந்த காலாண்டில் 198ஐ எடுத்துக்கொள்ளலாம்.